மூன்று கோடுகளின் பொருள்
எலெக்ட்ரீஷியன் பயிற்சி அட்டைகளுள் ஒன்றைப் பற்றிய விளக்கம்

இந்திய அரசாங்கத்தின் கைத்தொழிலாளர் பயிற்சித் திட்டம் 1950-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அத்திட்டத்தின்கீழ் நாடெங்கும் நடைபெறும் தொழிற்பயிற்சி நிலையங்களில் எலெக்ட்ரீஷியன் தொழிலைக் கற்போர் இரண்டாண்டுகள் பயின்று, தேர்வில் வெற்றி பெற்று, தேசியத் தொழிற் சான்றிதழைப் பெறுகின்றனர். பட்டறையில் கையால் செய்யும் வேலையைத் தவிர, தொழிற் கோட்பாடு என்னும் பாடமும் அவர்களுக்கு உண்டு. இப்பாடத்தை மீண்டும் மீண்டும் நினைவூட்டிக் கொள்வதற்கு மாணவர்கள் கைக்கொள்ளும் எளிய வழி அட்டைகளாகும். தபால் அட்டை அளவுள்ள தடித்த காகிதத்தில் ஒரு பக்கம் வினாவும் மறு பக்கம் விடையும் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸிலும் ரயிலிலும் புரட்டிப் பார்க்கின்றனர். மின்சுற்றுக் குறியீடுகள், பாதுகாப்பு விதிகள், கருவிகளின் உபயோகங்கள் ஆகிய மூன்றுமே இவ்வட்டைகளில் பெரும் பகுதியை நிரப்புகின்றன.

இவற்றுள் ஏறக்குறைய எல்லா மாணவரிடமும் காணப்படும் அட்டை ஒன்று உண்டு. அதன் முன்பக்கத்தில் ஒரு செங்குத்துக் கோடும், அதன் அடியில் ஒன்றைவிட ஒன்று குறுகிச் செல்லும் மூன்று படுக்கைக் கோடுகளும் வரையப்பட்டிருக்கும். பின்பக்கத்தில், “நில இணைப்பு, எர்த். மின் கருவிகளின் உலோக உடலை நிலத்துடன் இணைத்தால் அதிர்ச்சி ஏற்படாது” என்று எழுதியிருக்கும். கொள்குறி வினாக்களைக் கொண்ட தேர்வுக்கு இவ்விடை போதுமானது, மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அவ்வாக்கியத்தின் பிற்பகுதி முழு உண்மையன்று. அதை முழு உண்மையென்று நம்பி ஒரு வீட்டில் கம்பியமைக்கும் எலெக்ட்ரீஷியன், அவ்வீட்டினரை அவர்கள் அறியாத அபாயத்தில் விட்டுச் செல்லக்கூடும். எப்படி என்பதை ஓர் உதாரணத்தால் காண்போம்.

ஒரு வீட்டில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். மின்னழுத்தம் 230 வோல்ட். பெட்டி சாதாரணமாக வேலை செய்யும்போது ஏறத்தாழ 4.3 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். மூன்று முள் பிளக்கின் வழியே அதன் உலோக உடல் வீட்டின் எர்த் கம்பியுடன் சேர்ந்திருக்கிறது. அக்கம்பி கொல்லைப்புறத்தில் புதைத்த இரும்புக் குழாயில் முடிகிறது. பிளக்கின் மூன்று முட்களுள் எர்த் முள் மட்டும் நீளமாகவும் பருமனாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு. நீளமாக இருப்பதால் செருகும்போது முதலில் தொடுவதும், பிடுங்கும்போது கடைசியில் விலகுவதும் அதுவே. பருமனாக இருப்பதால் அது ஃபேஸ் துளைக்குள் தவறியும் நுழையாது. இதற்கும் ஓர் அட்டை உண்டு. அது சரியான அட்டையே.

நாளடைவில், பெட்டியின் பின்புறத்தில் கயிறு நுழையும் இடத்தில் ரப்பர் உறை தேய்ந்து, ஃபேஸ் கம்பி உலோக உடலைத் தொட்டுவிடுகிறது. இப்போது மின்சாரம் எவ்வழியே செல்லும்? ஃபேஸ் கம்பியிலிருந்து பெட்டியின் உடலுக்கும், அங்கிருந்து எர்த் கம்பி வழியே கொல்லைக் குழாய்க்கும், பிறகு மண்ணுக்குள்ளும் சென்று, தெருக்கோடியிலுள்ள டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் முனை எங்கே நிலத்துடன் இணைக்கப்பட்டுள்ளதோ அங்கே வெளிப்பட்டு டிரான்ஸ்பார்மரை அடையும். நிலம் மின்சாரத்தை விழுங்கிவிடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர், அது பிழை. மின்னோட்டம் புறப்பட்ட இடத்திற்கே திரும்பியாக வேண்டும். நிலம் அதற்கு ஒரு பாதை மட்டுமே. அப்பாதையிலும் தடை உண்டு.

வீட்டுக் குழாயின் நிலத் தடை 8 ஓம் என்றும், டிரான்ஸ்பார்மர் பக்கத்து நிலத் தடை 2 ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். வீட்டு எர்த்தின் தடை 8 ஓமுக்கு மேற்படலாகாது என்று எழுதிய அட்டைகள் பல. சிலவற்றில் 5 ஓம் என்றிருக்கும். ஆகவே நாம் எடுத்துக்கொண்ட வீடு தேர்வு விடைப்படி தேறிய வீடுதான். கம்பிகளின் தடை சிறிதாகையால் அதை விட்டுவிடலாம். மொத்தத் தடை 10 ஓம். 230-ஐப் பத்தால் வகுத்தால் 23 ஆம்பியர். இதுவே பழுதின் வழியே ஓடும் மின்னோட்டம்.

இனி ஃபியூஸைப் பார்ப்போம். அந்த சாக்கெட்டுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் போடப்பட்டிருக்கிறது. அட்டையில் ‘15 ஆம்பியர் ஃபியூஸ்’ என்று இருப்பதைப் படிக்கும் மாணவர், 15 ஆம்பியரைத் தாண்டியவுடன் கம்பி உருகிவிடும் என்று கருதுவது இயல்பு. உண்மையில் அந்த எண், கம்பி சேதமின்றி நெடுநேரம் தாங்கக்கூடிய மின்னோட்டத்தைக் குறிப்பதாகும். ஃபியூஸ் கட்டையில் கட்டப்படும் ஈயம் பூசிய செப்புக் கம்பி அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கில், அதாவது 30 ஆம்பியர் அளவில்தான் உருகும். நம் வீட்டில் பழுது மின்னோட்டம் 23. பெட்டியின் சூட்டுச் சுருள் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பதால் அதற்குரியது சற்றேறக்குறைய 4. ஆக 27 ஆம்பியர். ஃபியூஸ் சூடேறும், உருகாது. பெட்டியும் வழக்கம்போல் துணியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

அச்சமயத்தில் பெட்டியின் உடலில் உள்ள அழுத்தம் யாது? 230 வோல்ட் முழுவதும் இரண்டு தடைகளுக்கிடையே பங்கிடப்படுகிறது. பத்தில் எட்டுப் பங்கு வீட்டுக் குழாயைச் சேரும்; அதாவது 184 வோல்ட். ‘எர்த் செய்யப்பட்ட’ பெட்டியின் உடலில் 184 வோல்ட் நிற்கிறது! ஈரக் கையுடன் ஈரத் தரையில் நிற்பவரின் உடல் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடக் கூடும். அவர் பெட்டியைத் தொட்டால் 184 மில்லி ஆம்பியர் அவர் உடலில் பாயும். 30 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் சிறிது நேரம் நீடித்தாலே இதயத் துடிப்புக்குக் கேடு வரலாம் என்பதை நினைவிற்கொண்டால், இவ்வெண்ணின் கொடுமை விளங்கும்.

இதனினும் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. வீட்டிலுள்ள எல்லா சாக்கெட்டுகளின் எர்த் கம்பிகளும் அந்த ஒரே குழாயில்தான் சேர்கின்றன. ஆதலால் பெட்டியில் ஏற்பட்ட பழுது, அடுத்த அறையிலுள்ள குளிர்பதனப் பெட்டியின் கைப்பிடிக்கும், குளியலறையிலுள்ள வெந்நீர்க் கலனின் உடலுக்கும், கிணற்று மோட்டாரின் உறைக்கும் அதே 184 வோல்ட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அக்கருவிகளில் எவ்விதப் பழுதும் இராது. அவற்றைத் தொட்டு அதிர்ச்சியுற்றவர் எலெக்ட்ரீஷியனை அழைத்தால், அவர் வெந்நீர்க் கலனைக் கழற்றிப் பார்த்து, ‘இதில் ஒன்றுமில்லையே’ என்று மூடிவிட்டுப் போவது இதனாலேயே நேர்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளில் ஒரே சமயத்தில் சுரீரென்ற உணர்ச்சி தோன்றினால், பழுது தொட்ட கருவியில் இல்லாமல் வேறொன்றில் இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். கருவிகளின் பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தால் குற்றவாளி அகப்படும். ஆனால் பிடுங்குமுன் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுவது முறை.

வேறு அடையாளங்களும் உண்டு. இந்த 23 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஐந்து யூனிட்டுக்கு மேல் செலவாகும். வீட்டில் விளக்கொன்றும் எரியாதபோது மீட்டர் விரைந்து ஓடுவதும், மின் கட்டணம் காரணமின்றி ஏறுவதும் இதன் விளைவாக இருக்கலாம். குழாயைச் சுற்றியுள்ள மண் நான்கு கிலோவாட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தைப் பெற்று உலர்ந்துபோகும். மண் உலர உலர அதன் தடை உயரும். தடை உயர உயர மின்னோட்டம் குறையும். ஃபியூஸ் உருகும் வாய்ப்பும் அத்துடன் குறைந்துகொண்டே போகும். கோடைக் காலத்தில் எந்தப் பழுதும் இல்லாமலேயே இது நிகழ்கிறது. மழைக் காலத்தில் 5 ஓம் காட்டிய குழாய், சித்திரை வைகாசியில் அதைப்போல் பல மடங்கு காட்டலாம். தக்காணத்தின் பாறை நிலத்திலும், இராஜஸ்தானத்தின் வறண்ட மணலிலும் இக்குறை மிகுதி. எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்ற விதிக்கும், கரியும் உப்பும் இட்டு நிரப்பும் வழக்கத்திற்கும் காரணம் இதுவே.

குழாயின் தடை சரியாக உள்ளதா என்பதை எலெக்ட்ரீஷியன் எவ்வாறு அறிவது? கருவி அட்டைகள் இங்கேதான் உதவிக்கு வர வேண்டும். ஆனால் பழக்கத்தில் அவை கைவிடப்படுவதும் இங்கேதான். பலரும் செய்வது யாதெனில், 60 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, அதன் இரு கம்பிகளுள் ஒன்றை ஃபேஸ் துளையிலும் மற்றொன்றை எர்த் துளையிலும் வைத்துப் பார்ப்பதாகும். விளக்கு பளிச்சென்று எரிந்தால் ‘எர்த் நன்றாயிருக்கிறது’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

இது எவ்வளவு தூரம் ஏமாற்றக்கூடியது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் பல்பின் தடை ஏறத்தாழ 880 ஓம். எர்த் குழாயின் தடை 8 ஓமாக இருந்தால் பல்புக்கு 228 வோல்ட் கிடைக்கும். தடை 100 ஓமாக இருந்தாலோ, அதாவது எர்த் எதற்கும் உதவாத நிலையில் இருந்தாலோ, பல்புக்கு 206 வோல்ட் கிடைக்கும். இரண்டுக்குமுள்ள வெளிச்ச வேற்றுமையைக் கண்ணால் கண்டு தீர்ப்புச் சொல்ல எவராலும் ஆகாது. ஆகவே சோதனை விளக்கு எரியாவிடில் எர்த் இல்லை என்பது உறுதி. எரிந்தால் எர்த் நல்லது என்பது உறுதியன்று. இந்த ஒரு வாக்கியம் அட்டையில் ஏறினால் பெரும் பயனுண்டு.

நியான் டெஸ்டர் இதைவிடக் குறைவாகவே சொல்லும். அதனுள் ஏறத்தாழ பத்து லட்சம் ஓம் தடை இருப்பதால் கால் மில்லி ஆம்பியர் அளவிலேயே அது ஒளிர்ந்துவிடும். ஃபேஸ் எது என்பதைக் காட்ட அது போதும். எர்த் துளையில் வைத்தால் சாதாரணமாக அது எரியாது. எர்த் கம்பி சரியாக இருந்தாலும் எரியாது, எங்கோ அறுந்திருந்தாலும் பெரும்பாலும் எரியாது. எரியாத டெஸ்டரைக் கொண்டு எர்த்தைப் பற்றி எம்முடிவுக்கும் வர இயலாது.

மெக்கர் என்னும் கருவியையும் இங்கே பலர் குழப்பிக்கொள்கின்றனர். கம்பிகளின் காப்புத் தடையை அளப்பதற்கென்றே 500 வோல்ட் மெக்கர் உள்ளது. அது லட்சக்கணக்கான ஓம்களைக் காட்டும் அளவுகோலுடையது. எட்டா, எண்பதா என்று பிரித்தறிய அதனால் ஆகாது. நிலத் தடையை அளப்பது எர்த் டெஸ்டர். இதனுடன் இரண்டு இரும்பு முளைகள் வரும். முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்து, எர்த் குழாயிலிருந்து வீட்டுக் கம்பியைப் பிரித்துவிட வேண்டும். பிரித்திருக்கும் வரை வீட்டுக்கு எர்த் இல்லையாதலால் மின்சாரத்தை மீண்டும் கொடுக்கலாகாது. பின்னர் குழாயிலிருந்து ஒரே நேர்க்கோட்டில் 25 மீட்டரில் ஒரு முளையும் 50 மீட்டரில் மற்றொரு முளையும் அடித்து, கருவியின் முனைகளில் அவற்றை முறையாக இணைக்க வேண்டும். கருவி குழாய்க்கும் தொலை முளைக்கும் இடையே மின்னோட்டத்தைச் செலுத்தி, குழாய்க்கும் நடு முளைக்கும் இடையே உள்ள அழுத்தத்தை அளந்து, இரண்டின் விகிதத்தை ஓமாகக் காட்டும். நடு முளையை மூன்று மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி அளக்கும்போது எண்கள் பெரிதும் மாறாதிருந்தால் அளவு நம்பத்தக்கது. மாறினால் முளைகள் குழாய்க்கு மிக அருகில் இருக்கின்றன என்று பொருள். நெருக்கமான நகரத் தெருக்களில் 50 மீட்டர் மண் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி நியாயமானதே. அத்தகைய இடங்களில், ஃபேஸ் கம்பி, எர்த் பாதை முழுவதன் தடையையும் சாக்கெட்டிலிருந்தே அளக்கும் லூப் டெஸ்டர் உபயோகப்படுகிறது.

அளந்த பின்பு தடை மிகுதியென்று கண்டால், முதற்குழாயிலிருந்து அதன் நீளத்தைப்போல் இரு மடங்கு தொலைவிலேனும் இரண்டாவது குழாயைப் புதைத்து இரண்டையும் இணைக்கலாம். 8 ஓம் ஏறத்தாழ 4 ஓமாகும். நம் உதாரணத்தில் மொத்தத் தடை 6 ஆகி, பழுது மின்னோட்டம் 38 ஆம்பியராக உயர்ந்து, ஃபியூஸ் உருகும். ஆனால் உருகும் வரை பெட்டியில் 153 வோல்ட் நிற்கும் என்பதையும் மறத்தலாகாது. 38 ஆம்பியரில் அது கண்ணிமைப் பொழுதில் உருகுவதுமில்லை. வீட்டு எர்த்தைக் கொண்டும் ஃபியூஸைக் கொண்டும் மட்டுமே உயிரைக் காப்பது எவ்வளவு கடினம் என்பது இதனால் விளங்கும்.

இக்குறையைத் தீர்க்கவே கசிவு மின்னோட்டத் துண்டிப்பான் வந்தது. ஆர்.சி.சி.பி. என்று இதை வழங்குவர். ஃபேஸ் வழியே சென்ற மின்னோட்டமும் நியூட்ரல் வழியே திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று இது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். வீடுகளுக்குரிய வகையில் வேற்றுமை 30 மில்லி ஆம்பியரை எட்டினால், ஒரு விநாடியில் பத்தில் மூன்று பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். வேற்றுமை மிகுந்தால் இன்னும் விரைவாகத் துண்டிக்கும். நம் உதாரணத்தில் வேற்றுமை 23 ஆம்பியர். ஆகவே கம்பி உடலைத் தொட்ட அக்கணமே பெட்டிக்கு மின்சாரம் நின்றிருக்கும். அதைத் தொட ஒருவரும் தேவையில்லை. வீட்டு எர்த் 100 ஓம் என்ற இழிந்த நிலையில் இருந்தாலும் இரண்டு ஆம்பியருக்கு மேல் கசியுமாதலால் கருவி தவறாது செயற்படும்.

எனினும் இதன் எல்லைகளும் அட்டையில் இடம்பெற வேண்டும். ஒருவர் ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்து, நிலத்துடன் தொடர்பின்றி நின்றால், சென்றதும் திரும்பியதும் சமமாகவே இருக்கும். கருவி அவரை ஒரு சாதாரண விளக்காகவே கருதும். மிகைச் சுமையையும் குறுக்குச் சுற்றையும் இது கவனியாது. அதற்கு ஃபியூஸோ எம்.சி.பி.யோ வேண்டும். கருவியின் முகப்பிலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்ப்பது நல்லது. ஆனால் அப்பொத்தான் கருவிக்குள்ளேயே ஒரு சிறு கசிவைச் செயற்கையாக உண்டாக்குகிறது. வீட்டின் எர்த் கம்பியை அது தொடுவதேயில்லை. பொத்தானை அழுத்தியவுடன் கருவி விழுந்தால் கருவி நன்றாயிருக்கிறது என்பது மட்டுமே தெரியும். கொல்லைக் குழாய் இற்றுப் போயிருந்தாலும் அது விழத்தான் செய்யும்.

மற்றொரு தீய வழக்கத்தையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். எர்த் கம்பி வராத பழைய வீடுகளில், சாக்கெட்டின் பின்புறத்தில் நியூட்ரல் முனையையும் எர்த் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடும் தொழிலாளர் உளர். சோதனை விளக்கை வைத்தால் ஜோராக எரியும், வீட்டுக்காரருக்கும் திருப்தி. ஒரு நாள் நியூட்ரல் கம்பி கம்பத்திலோ மெயின் கட்டையிலோ கழன்றுவிட்டால், ஸ்விட்ச் போட்ட கருவிகளின் வழியே வந்த ஃபேஸ் அழுத்தம் திரும்பிச் செல்ல வழியின்றி, அத்துண்டுக் கம்பியின் மூலம் எல்லாக் கருவிகளின் உலோக உடலிலும் ஏறி நிற்கும். விளக்குகள் அணைந்துவிடும், மின்சாரம் போய்விட்டது என்று எண்ணி ஒருவர் குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறப்பார். கருவி பழுதுபடாமலேயே கொல்லும் ஏற்பாடு இது. சாக்கெட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் இத்துண்டுக் கம்பி உளதா என்று பார்த்து, இருந்தால் அகற்றி, உண்மையான எர்த் கம்பி ஒன்றை இழுத்துத் தருவதே செய்யத்தக்கது.

அந்த முதல் அட்டையின் பின்பக்கத்தைத் திருத்தி எழுதுவதாயின், ஏறக்குறைய இவ்வாறு அமையலாம்: “நில இணைப்பு. உலோக உடலில் பழுது ஏற்பட்டால் மின்னோட்டம் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பும் பாதை. ஃபியூஸ் உருகும் அளவுக்கு மின்னோட்டம் ஓடினாலன்றி உடலில் அழுத்தம் நிற்கும். தடையை எர்த் டெஸ்டரால், கோடையில் அளக்கவும். சோதனை விளக்கு சான்றாகாது. 30 மில்லி ஆம்பியர் துண்டிப்பான் உடன் வேண்டும். நியூட்ரலுடன் சாக்கெட்டில் இணைக்கலாகாது.” தபால் அட்டையின் பாதியில் இது அடங்கிவிடும். எஞ்சிய பாதியில் 230, 8, 2 என்ற மூன்று எண்களை எழுதி, உடலிலுள்ள அழுத்தத்தை மாணவர் தாமே கணக்கிட இடம் விடலாம்.